மாநிறத் தோலில் லேசர்: சூடுபடாமல், கறுத்துப்போகாமல் முடி எடுப்பதும் மங்குக்கு வைத்தியம் பார்ப்பதும்

லேசர் தேடிப் போவது மெலனினை. முடிக்குக் கறுப்பு நிறம் தருவதும் அதுதான், தோலுக்கு மாநிறமும் கறுப்பும் தருவதும் அதுதான். வெள்ளைத் தோலில் கறுப்பு முடி இருந்தால் லேசருக்கு வேலை சுலபம். வெளிச்சம் தோலைத் தாண்டி நேராக மயிர்க்காலில் போய் உட்கார்ந்து சூடேற்றிவிடும். நம் தோலில் மேலடுக்கிலேயே மெலனின் நிறைய இருப்பதால், மயிர்க்காலுக்குப் போக வேண்டிய சூட்டில் ஒரு பங்கு வழியிலேயே நின்றுவிடுகிறது. அந்தப் பங்கு அளவு மீறினால் தோல் வெந்துபோகும். வெந்த இடம் ஆறினாலும் நம் தோல் அதோடு விடாது. எந்தக் காயத்துக்கும் மறுமொழியாகக் கூடுதல் மெலனினைக் கொட்டும். அதனால்தான் முகத்து முடியை எடுக்கப் போன பெண்கள் சிலர், தாடையில் வரிவரியாகக் கறுப்புத் தழும்போடு திரும்புகிறார்கள்.

இது லேசரே வேண்டாம் என்று சொல்லும் கட்டுரை இல்லை. மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் ஏற்ற லேசர் இருக்கிறது, நன்றாக வேலையும் செய்கிறது. ஆனால் எந்த மெஷின், எந்த அளவு, யார் கையில் என்பதை நாம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் படுக்கையில் படுக்கக் கூடாது.

சூடு எங்கே இறங்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் மூன்று விஷயங்கள்

1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கொள்கையை எழுதி வெளியிட்டார்கள். சரியான அலைநீளம், சரியான அளவு நேரம் இரண்டும் அமைந்தால், சுற்றியுள்ள தோலைச் சுடாமல் ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் வெளிச்சத்தால் சுட முடியும் என்பது அதன் சாரம். இன்றைய தோல் லேசர் வைத்தியம் பெரும்பாலும் அதன் மேல்தான் நிற்கிறது.

முதலில் அலைநீளம். மெஷின் திரையில் இது nm என்று இருக்கும், அதாவது நானோமீட்டர். அலைநீளம் கூடக்கூட, மெலனின் அந்த வெளிச்சத்தை உறிஞ்சுவது குறையும், வெளிச்சம் ஆழமாகவும் இறங்கும். அலெக்ஸாண்ட்ரைட் லேசர் 755 nm. மெலனினை வேகமாகப் பிடிக்கும், வெளுத்த தோலுக்கு அருமையானது, நம் நிறத்துக்கு ஆபத்தானது. டையோடு லேசர் பெரும்பாலும் 800 முதல் 810 nm. மாநிறத்துக்குக் கவனமாகப் பயன்படுத்தலாம். என்டி யாக் லேசர் 1064 nm. மேல்தோலின் மெலனினை அதிகம் சீண்டாமல் கீழே இறங்கும். கறுப்புத் தோலுக்குப் பாதுகாப்பானது இதுதான். அதற்கு ஒரு விலை உண்டு. மெலனினை மெதுவாகப் பிடிப்பதால் சக்தி அதிகம் வைக்க வேண்டும், வலி கூடுதல், மெல்லிய பூனைமுடியில் பலன் குறைவு.

இரண்டாவது, லேசர் வெளிச்சத்தின் ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது. திரையில் ms என்று இருக்கும், அதாவது மில்லி செகண்ட். மேல்தோல் மெல்லியது, சில மில்லி செகண்டிலேயே சூட்டை வெளியே விட்டுவிடும். மயிர்க்கால் பருமனானது, சூட்டைப் பல மில்லி செகண்ட் பிடித்து வைத்திருக்கும். அதே சக்தியைக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தால் மேல்தோல் ஆறிக்கொண்டே வரும், மயிர்க்கால் மட்டும் சூடேறும். நம் நிறத்துக்கு 30 ms அல்லது அதற்கு மேல் என்பது பொதுவான கணக்கு. இதே சக்தியை 3 ms-இல் அடித்தால் தோல் பொசுங்கிவிடும்.

மூன்றாவது குளிர்ச்சி. லேசர் முனையில் குளிர்ந்த கண்ணாடி, அல்லது குளிர்ந்த காற்று, அல்லது ஒவ்வொரு துடிப்புக்கும் முன் பீய்ச்சும் குளிர்திரவம். இதில் ஒன்றாவது வேலை செய்தே ஆக வேண்டும். ஜெல் தடவுவது மட்டும் போதாது.

முதல் படி: நிறத்தைப் பார்ப்பது, காரணத்தைத் தேடுவது

டாக்டர்கள் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் என்று 1 முதல் 6 வரை தோல் வகை சொல்வார்கள். தமிழர்களில் பெரும்பாலோர் 4, 5 வகைகளில் வருவோம், சிலர் 6. ஆனால் லேசருக்கு முக்கியம், பிறவி நிறம் மட்டும் இல்லை. அடிக்கப் போகிற இடம் இன்று எவ்வளவு கறுத்திருக்கிறது என்பதுதான். கையின் உட்புறம் மாநிறமாக இருக்கும் ஒருவருக்கு, வாராவாரம் த்ரெட்டிங் செய்த தாடை இரண்டு படி கறுப்பாக இருக்கலாம். அக்குள், தொடை இடுக்கு, பிகினி பகுதி எல்லாம் அப்படித்தான். கையைப் பார்த்து அளவு வைத்துவிட்டு அக்குளில் அடிப்பது, சூடுபடுவதற்கு நேர் வழி.

அடுத்து, முடி ஏன் வருகிறது? தாடை, மேலுதடு, கழுத்து, வயிற்றின் நடுக்கோடு ஆகிய இடங்களில் தடித்த முடி வந்து, மாதவிடாயும் தள்ளிப்போனால் பி.சி.ஓ.டி. இருக்கலாம். முதலில் அதற்கு டாக்டரைப் பார்த்து, தேவையான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹார்மோன் அப்படியே இருக்க லேசர் மட்டும் செய்தால், அடித்த முடி போகும், பக்கத்தில் உள்ள மெல்லிய முடி தடித்து வந்துகொண்டே இருக்கும். அப்புறம் "லேசர் வேலை செய்யவில்லை" என்று சக்தியைக் கூட்டச் சொல்வார்கள். சூடுபடுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

நரைத்த முடியிலும் செம்பட்டை முடியிலும் லேசருக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாவது படி: இடத்தையும் மெஷினையும் விசாரிப்பது

போனில் கேட்க வேண்டிய கேள்வி விலை அல்ல, "என் நிறத்துக்கு எந்த லேசர் வைப்பீர்கள், அலைநீளம் எவ்வளவு?" என்பதே. பதில் தெரியாதவர்கள் கையில் முகத்தைக் கொடுக்க வேண்டாம். ஐபிஎல் என்று சொன்னால் அது லேசரே இல்லை. பல அலைநீளங்கள் கலந்த பளிச்சொளி. அந்தக் கலவையில் மெலனின் வேகமாகப் பிடிக்கும் அலைகள் நிறைய இருப்பதால் 5, 6 வகைத் தோலுக்கு அது ஆகாது. வீட்டில் வைத்துச் செய்துகொள்ளும் கருவிகளில் பலவும் ஐபிஎல்தான். அவற்றின் அட்டைப் பெட்டியிலேயே தோல் நிற வரைபடம் போட்டு, கறுத்த நிறங்களுக்கு நேராகப் பெருக்கல் குறி இட்டிருப்பார்கள். அதை மதியுங்கள்.

இப்போது பல இடங்களில் "மூன்று அலைநீளம்" கொண்ட டையோடு என்று விளம்பரம் செய்கிறார்கள். 755, 808, 1064 மூன்றும் இருக்கிறது, அதனால் எல்லா நிறத்துக்கும் ஏற்றது என்பார்கள். பல மெஷின்களில் மூன்றும் ஒன்றாகவே வெளிவரும். 1064 சேர்ந்திருப்பதால் 755-இன் சூடு குறைந்துவிடாது. 1064-ஐ மட்டும் தனியாக அடிக்க முடியுமா என்று கேளுங்கள்.

திரையில் SHR என்று வரும் முறையில், குறைந்த சக்தியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு முனையை நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். வலி குறைவு என்பது உண்மை. ஆனால் பயிற்சி இல்லாத கை ஒரு இடத்தில் நின்றுவிட்டால், அந்த இடத்தில் சூடு கூடிக்கூடி வெந்துபோகும். வலியில்லாத லேசர் என்றால் சுடாத லேசர் என்று அர்த்தமில்லை.

மூன்றாவது படி: நான்கு வார முன்னேற்பாடு

வேரோடு பிடுங்கும் எதுவும் கூடாது. த்ரெட்டிங், வாக்ஸிங், சாமணம் எல்லாவற்றையும் நான்கு வாரம் நிறுத்த வேண்டும், ஏனென்றால் வேரில் முடி இருந்தால்தான் லேசருக்கு இலக்கு உண்டு. அதுவரை ஷேவிங் செய்யலாம். முகத்தில் ரேஸர் வைத்தால் முடி தடித்துவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். ரேஸர் தோலுக்கு மேலே உள்ளதைத்தான் வெட்டுகிறது, வேரை அது தொடுவதில்லை. நுனி மழுங்கி வளர்வதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரியும், அவ்வளவுதான்.

வெயிலில் கறுத்திருந்தால் அந்தக் கறுப்பு இறங்கும்வரை தள்ளிப்போடுங்கள். கோயில் திருவிழா, கடற்கரைப் பயணம், வயல் வேலை என எதுவானாலும் சரி, உள்ளதைச் சொல்லுங்கள். ரெட்டினால் வகைக் கிரீம்களைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். முகப்பருவுக்கான மாத்திரைகள் எதுவானாலும், முக்கியமாக டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டால், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உதட்டோரத்தில் ஹெர்பீஸ் என்ற வைரஸ் கொப்புளம் அடிக்கடி வருகிறவர்களுக்கு முன்கூட்டியே மாத்திரை தேவைப்படலாம்.

மரத்துப்போகும் கிரீம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாடைக்கு ஒரு விரல் நுனியளவு தடவுவதில் பயமில்லை. இரண்டு கால் முழுவதும் பூசி பிளாஸ்டிக் தாளால் சுற்றி வைத்தால் மருந்து ரத்தத்தில் ஏறும். அமெரிக்காவில் லேசருக்கு முன்பு இப்படிப் பூசிய இரண்டு இளம் பெண்கள் இறந்தபின், அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2007-இல் எச்சரிக்கை வெளியிட்டது. தவிர, முழுவதும் மரத்துப்போன தோல், சூடு அதிகம் என்று உங்களுக்குச் சொல்லாது. நம் நிறத்துக்கு அந்த வலி உணர்வே ஒரு காவல்.

நான்காவது படி: டெஸ்ட் பேட்ச், ஒரு உதாரணத்தோடு

இந்தப் படியைத் தாண்டச் சொல்லும் எந்த இடத்தையும் நம்பாதீர்கள். எப்படிச் செய்வார்கள் என்பதை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். 27 வயதுப் பெண், தோல் வகை 5. தாடையில் தடித்த முடி, மேலுதட்டில் மெல்லிய முடி. பி.சி.ஓ.டி.க்கு மருந்து எடுக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. த்ரெட்டிங்கை நிறுத்தி ஐந்து வாரம்.

டாக்டர் 1064 nm லேசரை எடுக்கிறார், 30 ms, குளிர்ந்த காற்று ஓடுகிறது. தாடை எலும்பின் கீழ், காதோரமாக, வெளியே தெரியாத ஆனால் தாடையின் அதே கறுப்பு உள்ள இடத்தில் மூன்று புள்ளிகள் அடிக்கிறார். திரையில் சக்தியை J/cm² என்று காட்டும் எண் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறுகிறது: 25, 30, 35. பதினைந்து நிமிடம் காத்திருக்கிறார்கள். முதல் இரண்டு இடங்களிலும் முடிவேரைச் சுற்றி மட்டும் சிறு சிறு வீக்கம், கொஞ்சம் சிவப்பு; நம் நிறத்தில் சிவப்பு பளிச்சென்று தெரியாது, விரலால் தடவினால் மேடாகத் தெரியும். மூன்றாவது இடத்தில் முடிகளுக்கு நடுவே உள்ள தோலும் சாம்பல் நிறமாக மாறுகிறது. அது மேல்தோல் வேகிறது என்பதற்கு அடையாளம். இரண்டு நாளில் அங்கே பழுப்பாக ஒரு பொருக்கு, இரண்டு வாரத்தில் கறுப்புப் புள்ளி. முதல் இரண்டு இடங்கள் அன்று மாலையே தெளிந்துவிட்டன.

ஆக, இவர் தோல் தாங்கும் எல்லை 30-க்கும் 35-க்கும் நடுவில் இருக்கிறது. முதல் முறை 25-இல் தொடங்கி மெல்ல ஏற்றலாம். 35-இல் கறுத்த அந்த ஒரு புள்ளி, தாடை முழுவதும் கறுக்காமல் காப்பாற்றியிருக்கிறது. இந்த எண்களை வேறு மெஷினுக்கு எடுத்துப் போக முடியாது. தோலில் லேசர் விழும் வட்டத்தின் அகலம் மாறினாலே கணக்கு மாறிவிடும். அதனால்தான் மெஷினை மாற்றினாலும், கிளினிக்கை மாற்றினாலும் மீண்டும் டெஸ்ட் பேட்ச் வேண்டும்.

எத்தனை நாள் காத்திருப்பது? இரண்டு நாளில் கொப்புளமும் பொருக்கும் தெரிந்துவிடும், கறுப்பு தெரிய வாரங்கள் ஆகும். என்னைக் கேட்டால் நம் நிறத்துக்கு இரண்டு வாரம் என்பது குறைந்தபட்சம்.

இந்தப் பெண்ணின் மேலுதட்டை டாக்டர் தொடவில்லை. பூனைமுடிக்கு லேசர் அடித்தால் சிலருக்கு அது சாகாமல் தூண்டப்பட்டுத் தடித்து வளர்ந்துவிடும். முகத்திலும் கழுத்திலும், ஹார்மோன் கோளாறு உள்ள கறுத்த நிறப் பெண்களுக்கு இது கூடுதலாக நடக்கிறது.

ஐந்தாவது படி: படுக்கையில்

கண்களை முழுதாக மூடும் கவசம் போட்டபிறகே லேசர் ஓட வேண்டும். புருவத்துக்குக் கீழே, கண்குழிக்குள் லேசர் கூடவே கூடாது; வெளிச்சம் இமையைத் தாண்டிக் கண்மணியைச் சுட்டுவிடும். மச்சம், பச்சை குத்திய இடம் எல்லாவற்றையும் வெள்ளைத் தாளால் மூடச் சொல்லுங்கள். பொட்டுப் பசை, மை, பவுடர், மேக்கப் ஒன்றும் தோலில் இருக்கக் கூடாது. முடி மழித்திருக்க வேண்டும். மழிக்காத முடி தோலின் மேலேயே எரிந்து முனைக் கண்ணாடியில் கரியாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கரி சூடேறி அடுத்தடுத்த துடிப்பில் தோலில் முத்திரை போல் பதியும். முனையை அடிக்கடி துடைக்கிறார்களா என்று பாருங்கள்.

ரப்பர் பேண்டால் சுண்டுவது போல, சுருக்கென்று வந்து உடனே அடங்கும் வலி இயல்பு. அடங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லுங்கள். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, இப்ப முடிஞ்சிடும்" என்பதற்குத் தலையாட்ட வேண்டாம். தோல் வெளுத்தாலோ சாம்பலானாலோ அன்றைக்கு அத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் அலைநீளம், துடிப்பு நேரம், சக்தி, வட்ட அளவு நான்கையும் எழுதி வாங்குங்கள், அல்லது திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முகத்துக்கு 4 முதல் 6 வாரம், உடம்புக்கு 6 முதல் 8 வாரம் இடைவெளி. பொதுவாக 6 முதல் 8 முறை தேவைப்படும், அதற்குப்பின் எப்போதாவது ஒருமுறை. எல்லா முடியும் நிரந்தரமாகப் போகும் என்று உறுதி தருகிறவர்களிடம் மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள்.

சூடுபட்டுவிட்டால்

வடிவத்தைப் பாருங்கள். முனையின் உருவத்திலேயே வட்டமாக, சதுரமாக, பிறை போல, அல்லது வரிசையாகக் கோடுகளாக இருந்தால் அது லேசர் சூடுதான், அலர்ஜி இல்லை.

உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். முகமென்றால் ஈரத்துணியை மாற்றி மாற்றி வையுங்கள். ஐஸ் கட்டி நேராக வைக்க வேண்டாம். டூத்பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல், வெறும் பெட்ரோலியம் ஜெல்லி பூசி, அன்றே தோல் டாக்டரிடம் போங்கள். வீக்கம் அடங்கச் சில நாட்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு கிரீம் அவர் தரலாம். அழற்சி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறதோ அவ்வளவுக்குக் கறுப்பு குறையும். பொருக்கைப் பிய்க்கக் கூடாது. பிய்த்த இடம்தான் அதிகம் கறுக்கும், குழியும் விழும். கண்ணில் வலி, மங்கல், வெளிச்சம் பட்டால் கூச்சம் என்றால் அன்றைக்கே கண் டாக்டர்.

ஆறியபின் வரும் கறுப்பு இரண்டு விதம். பழுப்பாக இருந்தால் மேலடுக்கில் இருக்கிறது, பெரும்பாலும் சில மாதங்களில் மங்கும். சாம்பலும் நீலமும் கலந்து தெரிந்தால் கீழே இறங்கிவிட்டது. ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். தினமும் சன்ஸ்கிரீன், அசெலைக் அமிலக் கிரீம், டாக்டர் பார்த்துச் சில மாதத்துக்குத் தரும் ஹைட்ரோகுவினோன் ஆகியவையே இதற்கு வழி. மருந்துக் கடையில் தாங்களாகவே கேட்டு வாங்கும் மூன்று மருந்து கலந்த கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதலில் முகம் பளிச்சென்று ஆகும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, ரத்த நரம்புகள் தெரிந்து, முகத்தில் இன்னும் முடி வளரும்.

கறுப்பை எடுக்கவே லேசர் என்றால்

கறுத்த இடத்தைச் சரிசெய்ய அதே கிளினிக் இன்னொரு லேசரைச் சொல்லும். இங்கே அவசரப்படாதீர்கள். கறுப்பு எதனால் என்று தெரியாமல் லேசர் அடிக்கக் கூடாது. கண்ணைச் சுற்றி ஒரு பக்கமாகப் பிறவியிலேயோ இளவயதிலேயோ வரும் நீலக்கறுப்புப் படலமான ஓட்டா மச்சத்துக்கு க்யூ-ஸ்விட்ச் என்டி யாக் லேசர் அருமையாக வேலை செய்யும், மாதக்கணக்கில் இடைவெளி விட்டுச் செய்வார்கள். கழுத்தில் வெல்வெட் போலத் தடித்துக் கறுப்பது பெரும்பாலும் இன்சுலின் சம்பந்தப்பட்டது. எடையையும் சர்க்கரையையும் கவனிக்காமல் லேசர் அடிப்பது வீண் செலவு.

கன்னத்தில் வரும் மங்குதான் சிக்கலானது. மங்கில் மெலனினை உருவாக்கும் செல்கள் எப்போதும் விழிப்பாக இருக்கின்றன. சூடே அவற்றைக் கிளப்பிவிடும். "லேசர் டோனிங்" என்று விற்பது, அதே 1064 nm லேசரை நானோ செகண்ட் துடிப்பில், குறைந்த சக்தியில், ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடிப்பது. நான்கைந்து முறையில் முகம் தெளிந்தது போலத் தெரியும். நிறுத்திய சில மாதங்களில் பலருக்கு மங்கு திரும்புகிறது, சிலருக்கு முன்பைவிடக் கறுப்பாக.

அதனால் வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் சன்ஸ்கிரீன், அதுவும் அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறம் கலந்த வகை. புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் நிறத்தில் மங்கைக் கறுக்க வைக்கும், சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. அடுத்து டாக்டர் தரும் கிரீம்கள். அதற்கும் அடங்காவிட்டால் ட்ரானெக்ஸாமிக் அமில மாத்திரை. ரத்தம் உறையும் நோய் இருந்தவர்களும் கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதை முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். லேசர் இதற்கெல்லாம் பிறகுதான், அதுவும் மருந்தை நிறுத்தாமல்.

டோனிங் செய்துகொள்ள முடிவு செய்தால், ஒவ்வொரு முறையும் அதே ஜன்னல் வெளிச்சத்தில், மேக்கப் இல்லாமல் போட்டோ எடுத்து முந்தையதோடு ஒப்பிடுங்கள். நீங்கள் தேட வேண்டியது கறுப்பை அல்ல, வெள்ளையை. அரிசி நொய் தூவியது போலக் கன்னத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், நிறம் உருவாக்கும் செல்கள் அடிபட ஆரம்பித்துவிட்டன. பாக்கேஜில் இன்னும் எத்தனை முறை மிச்சம் இருந்தாலும் அன்றோடு நிறுத்துங்கள். சீக்கிரம் நிறுத்தினால் சிலருக்கு நிறம் மெதுவாகத் திரும்புகிறது. தொடர்ந்து அடித்தவர்களுக்கு அந்தப் புள்ளிகள் வருடக்கணக்கில் அப்படியே நின்றுவிடுகின்றன.